தஸ்நேவிஸ் மாதா திருவிழா: விளக்குக் குறிப்புகள்

ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருநாள். அந்த நாட்களில் தூத்துக்குடி பனிமய மாதா கோயில் முகப்பை அதிகம் பேர் பார்ப்பது சாலையிலிருந்துதான். அதனால் சீரியல் செட் கட்டும் முன் ‘எங்கே நின்று பார்ப்பார்கள்’ என்று ஓர் இடத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

100 மீட்டர் தள்ளி வருகிறவர் சிரமமின்றிப் படிக்க எழுத்து சுமார் 80 செ.மீ. உயரம் இருக்கவேண்டும். விளம்பரப் பலகை போடுகிறவர்களின் கணக்கு இது: 10 அடிக்கு ஓர் அங்குலம். ஆனால் அது ஆங்கில எழுத்துக்கான கணக்கு. நம் ‘பனிமய’வில் ‘னி’யின் சுழிகளைப் பாருங்கள். பல்புகளின் ஒளி பரவி சுழிக்குள் நிறைந்துவிடும், தூரத்தில் அது வெறும் வெள்ளைத் திட்டு. என் யோசனை: எழுத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்குங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும்.

பல்புக்குப் பல்பு இடைவெளி: 5 செ.மீ. இடைவெளி ஏறக்குறைய 170 மீட்டருக்கு அப்பால்தான் கோடாகத் தெரியும், கிட்டே வந்தால் புள்ளிப் புள்ளியாகப் பிரியும். கோபுரத்தின் விளிம்புக்குப் புள்ளிகளே அழகு, 15 செ.மீ. விட்டாலும் குற்றமில்லை. எழுத்துக்கு அது ஆகாது.

உயரம். காரில் இருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டரில் இருக்கிறது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு, ஏறத்தாழ 15 பாகைக்கு மேலே உள்ளதை மறைத்துவிடும். ஆக, 12 மீட்டர் உயரத்தில் கட்டிய நட்சத்திரம் 40 மீட்டருக்கு இந்தப் பக்கம் வந்த காருக்கு இல்லை. நடப்பவருக்கு அந்தக் கவலை இல்லை, அண்ணாந்து பார்த்துக்கொள்வார். சாலைக்குக் குறுக்கே கட்டும் வளைவுக்கு மட்டும் 5.5 மீட்டர் விடுங்கள், கன்டெய்னர் லாரி வரும் ஊர் இது.

கூச்சம்தான் பெரிய தொல்லை. முகப்பில் அடிக்க வைத்த ஃபிளட் லைட், சாலையோரத்தில் கண் மட்டத்தில் நம்மைப் பார்த்து நின்றால் அலங்காரம் முழுவதும் மங்கும். பார்வைக் கோட்டிலிருந்து விளக்கு விலகும் கோணத்தை இரட்டிப்பாக்கினால் கூச்சம் சுமார் கால்பங்காகும். சோதிக்கக் கருவி வேண்டாம்: கையை நீட்டி, கட்டைவிரலால் அந்த விளக்கை மறையுங்கள். எழுத்து பளிச்சென்று தெளிந்தால் குற்றவாளி அதுதான். தகரத் தடுப்பு வையுங்கள், அல்லது பார்வையாளர் முதுகுப் பக்கம் மாற்றுங்கள்.

இன்னொன்று, கரைக்கே உரியது. துறைமுகத்துக்குள் வரும் கப்பலுக்கு இடப்புறம் சிவப்பு மிதவை விளக்கு, வலப்புறம் பச்சை. கடலைப் பார்த்த பக்கம் சிவப்பு, பச்சை மின்னி மின்னி எரிந்தால் அந்த விளக்குகளைத் தேடும் கண்ணுக்குக் குழப்பம். அந்தப் பக்கத்துக்கு மின்னாத மஞ்சள் மட்டும் போடுங்கள், அண்ணாச்சிமாரே.