‘டா’ போன பிறகு

அவனும் நானும் அவினாசி ரோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு பனியன் கம்பெனியில் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். அவன் கட்டிங், நான் குவாலிட்டி. வயதும் சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்று. ‘டா’ போட்டுத்தான் பேசுவோம்.

ஒரு டி-ஷர்ட் ஆர்டரில் ‘எம்’ சைஸ் உயரம் 72 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அயர்ன் முடிந்து வந்த பீஸ்கள் 70.5, 70 என்று நின்றன. பையர் விடுவது கூடக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். முதலில் தையல் மேல்தான் சந்தேகப்பட்டேன். தைக்காத ஒரு கட்டை எடுத்துப் பேட்டர்ன் மேல் வைத்துப் பார்த்தால், அதுவே குட்டை. வெட்டு தப்பியிருந்தால் மேல் பீஸுக்கும் அடி பீஸுக்கும் வித்தியாசம் தெரியும். இங்கே எல்லாமே ஒன்றுபோல உயரத்தில் குறைந்து, அகலத்தில் நூலளவு கூடியிருந்தது. துணி ஆறவில்லை என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம்.

பின்னல் துணி ரோலில் இழுபட்டுச் சுற்றியிருக்கும். பிரித்து, தளர்வாக மடித்து, ஒரு நாளாவது கிடத்தினால்தான் கண்ணிகள் தம் இடத்துக்கு வரும். இழுவையோடு விரித்து வெட்டினால், வெட்டும்போது அளவு சரியாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் சுருங்கிக் கிடக்கும்.

டேப்போடு நேராக அவனிடம் போனேன். டீ நேரம். இரண்டு செக்கிங் அக்காக்கள் பக்கத்தில் நின்றார்கள்.

“நீ துணிய ஆறவிடாம வெட்டிட்டடா.”

“ஷிப்மென்ட் தேதிய நீ தள்ளி வைப்பியா? டேப் புடிச்சவனெல்லாம் மாஸ்டர் ஆயிட்டான்.”

சத்தம் அவ்வளவுதான். மறுநாள் குட் மார்னிங் சொன்னபோது, “சொல்லுங்க சார்” என்றான். கொங்குப் பக்கம் ‘ங்க’ சாதாரண மரியாதைதான். ‘டா’ இருந்த இடத்தில் வந்தால் அது கதவைச் சாத்துகிற சத்தம். டீக்கு வேறு மேசை. பேச வேண்டியதெல்லாம் ஹெல்பர் பையன் கையில் சீட்டாக வந்தது.

வாரம் கழித்துக் கட்டிங் ரிஜிஸ்டரைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். ரோல் இறங்கியது மாலை 6.40. வெட்டு தொடங்கியது இரவு 9. ஓரத்தில் மேனேஜரின் கையெழுத்து. அளவில் நான் சொன்னது சரி. ‘நீ’ என்று ஆரம்பித்ததுதான் தப்பு. “இந்த ரோல் எப்ப இறங்குச்சு?” என்று தனியாகக் கேட்டிருந்தால், அந்தக் கையெழுத்தை அவனே காட்டியிருப்பான், இரண்டு பேரும் சேர்ந்து மேலே போயிருக்கலாம்.

இதை அவனிடம் சொன்னேன், ஆள் இல்லாத நேரம் பார்த்து. “பரவால்லீங்க” என்றான். முகம் மாறவில்லை.

அடுத்த லாட்டில் ஒவ்வொரு ரோல் மேலும் இறங்கிய நேரம் சாக்பீஸில் எழுதியிருந்தது, அவன் கையெழுத்தில். நான் கடந்து போகையில் நிமிர்ந்து பார்த்தான்.

“நாளைக்கு சாயங்காலம்தான் வெட்டுவேன். மேனேஜர் கேட்டா நீங்களும் சொல்லுங்க.”

“சொல்றேன்” என்றேன். ‘டா’ நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்டது.