மலை ஏறி இறங்கும் கரண்ட்

என் மாமா திருத்தணியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். ரயிலில் வந்து இறங்குபவர்களை மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போய், தரிசனம் முடிந்ததும் அப்படியே திருப்பதிக்குக் கொண்டுபோய் விடுவதுதான் அவருடைய பாதி சவாரி. இப்போதெல்லாம் ஒரு குடும்பம் ஏறினால் அதில் ஒருவர் மடியில் லேப்டாப் இருக்கும். லீவு கிடைக்காதவர், பாவம். அவர் தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, சார்ஜிங் பாயிண்ட் உந்தா?"

மாமாவிடம் ஒரு இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருந்தது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் வீட்டு பிளக் போடுகிற மாதிரி ஒரு ஓட்டை கொடுக்குமே, அந்த 150 வாட் பெட்டி. ஸ்டாண்டில் ஒரு டிரைவர், "அதெல்லாம் பழசு, இப்ப சாக்கெட்லயே போடுற பெரிய சார்ஜர் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டார். மாமா என்னைக் கேட்டார்: "மாப்ள, நீ கரண்டு படிக்கிறவன்தானே? எது வண்டிக்கு நல்லது, சொல்லு." அவர் 'எது லேப்டாப்புக்கு நல்லது' என்று கேட்கவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போனால் அன்றைய சவாரி போச்சு. அதனால் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் இரண்டும் உள்ளே என்ன செய்கின்றன என்று பார்ப்போம். கார் சாக்கெட்டில் இருப்பது 12 வோல்ட் டிசி. இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை 14 வோல்ட் பக்கம் தூக்கி வைக்கும். லேப்டாப்புக்கு வேண்டியது 20 வோல்ட் டிசி. இடைவெளி வெறும் 8 வோல்ட் அளவுதான்.

இன்வெர்ட்டர் என்ன செய்கிறது? 12 வோல்ட்டை 300 வோல்ட் டிசி வரை ஏற்றி, அதை நறுக்கி 230 வோல்ட் ஏசி ஆக்கித் தருகிறது. அதில் நாம் லேப்டாப் அடாப்டரைச் செருகுகிறோம். அடாப்டர் முதல் வேலையாக அந்த ஏசியை மறுபடி 300 வோல்ட் டிசி ஆக்கி, பிறகு 20 வோல்ட்டுக்கு இறக்குகிறது. அடிவாரத்தில் இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக, 365 படியும் ஏறி மலை உச்சிக்குப் போய், அந்தப் பக்கமாக இறங்கி வருகிற மாதிரி. போய்ச் சேரலாம், தப்பில்லை. ஆனால் வேர்க்கும். அந்த வேர்வைதான் இன்வெர்ட்டர் சூடும், அடாப்டர் சூடும்.

சாக்கெட் சார்ஜர் தெருவோடு நடந்து போகிறது. 12-ஐ நேராக 20 ஆக்குகிறது. ஒரே ஒரு மாற்றம். யூஎஸ்பி-சி வழியாக லேப்டாப்போடு பேசி, "எனக்கு 20 வோல்ட் கொடு" என்று லேப்டாப் கேட்ட பிறகுதான் கொடுக்கும். இந்தப் பேச்சுக்குப் பெயர் பவர் டெலிவரி, சுருக்கமாக பிடி.

எவ்வளவு வேர்க்கிறது என்று அளந்து பார்த்தேன். லேபில் இருந்து ஒரு டிசி கிளாம்ப் மீட்டர் வாங்கி வந்தேன். சாக்கெட்டுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு, அதன் இரண்டு ஒயரையும் பிரித்து, ஒன்றில் மட்டும் கிளாம்ப் மாட்டினேன். இரண்டையும் சேர்த்து மாட்டினால் போகிற கரண்ட்டும் வருகிற கரண்ட்டும் ஒன்றை ஒன்று அடித்து, மீட்டர் பூஜ்யம் காட்டும். லேப்டாப் பக்கம், வாட் காட்டும் சின்ன டிஸ்ப்ளே வைத்த சி கேபிள். இரண்டு சோதனைக்கும் அதே லேப்டாப், அதே கேபிள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு முறையும் லேப்டாப்புக்குள் போனது 64 வாட். இன்வெர்ட்டர் வழியாக அதைக் கொடுக்க கார் 6.6 ஆம்ப் கொடுத்தது, 13.4 வோல்ட்டில். அதாவது 88 வாட். சார்ஜர் வழியாக 5.3 ஆம்ப், 13.5 வோல்ட், ஏறக்குறைய 71 வாட். இன்வெர்ட்டர் வழியில் 24 வாட் வீணாகச் சூடாகிறது, சார்ஜரில் 7 வாட். இன்வெர்ட்டர் ஃபேன் ஏன் கத்துகிறது என்று மாமாவுக்கு அப்போதுதான் புரிந்தது. லேப்டாப்பைக் கழற்றிவிட்டு இன்வெர்ட்டரை மட்டும் விட்டு வைத்தாலும் அது சும்மா இருக்கவில்லை. அரை ஆம்ப்புக்குக் கொஞ்சம் குறைவாக இழுத்துக்கொண்டே இருந்தது.

"அப்ப சார்ஜர்தான் பெஸ்ட்டு, முடிஞ்சுது" என்றார் மாமா. முடியவில்லை. இரண்டு கொக்கி இருக்கிறது.

முதல் கொக்கி, அட்டைப்பெட்டி. பெட்டியில் '120 வாட்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது எல்லா ஓட்டைகளையும் கூட்டிச் சொன்ன கணக்கு. அதில் சி ஓட்டை வெறும் 30 வாட்டாக இருக்கலாம், மிச்சம் போன் சார்ஜ் பண்ணும் ஓட்டைகளுக்கு. 30 வாட்டில் லேப்டாப் சார்ஜ் ஏறுகிற மாதிரி காட்டும், வேலை பார்க்க ஆரம்பித்தால் பேட்டரி மெதுவாக இறங்கும். விண்டோஸில் சில சமயம் `Slow charger` என்று எழுதியும் காட்டும். வாங்கும்போது சார்ஜரின் உடம்பில் பொடி எழுத்தில் இருக்கும் அவுட்புட் வரியைப் படியுங்கள். சி ஓட்டைக்கு நேராக 20 வோல்ட், 3.25 ஆம்ப் என்று இருந்தால் அது 65 வாட். 20 வோல்ட், 5 ஆம்ப் என்றால் 100 வாட். 20 வோல்ட் என்ற வரியே இல்லாவிட்டால் அது போன் சார்ஜர், எத்தனை வாட் போட்டிருந்தாலும் சரி. கேபிளையும் மறந்துவிடாதீர்கள். சாதாரண சி கேபிள் 3 ஆம்ப் வரைதான், அதாவது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்ப் கேபிள் வேண்டும். அதற்குள் ஒரு சின்ன சிப் இருந்து தன் தகுதியைச் சொல்லும். அது சொல்லாவிட்டால் சார்ஜர் 3 ஆம்ப்பைத் தாண்டாது.

இரண்டாவது கொக்கி, லேப்டாப். நம் ஹாஸ்டலிலேயே பாருங்கள், உருண்டை பின் வைத்த லேப்டாப் இன்னும் எத்தனை! சி ஓட்டை இருந்தாலும் அது டேட்டாவுக்கு மட்டும் என்று இருக்கும் மாடல்களும் உண்டு. பிடி சார்ஜரிலிருந்து உருண்டை பின்னுக்கு மாற்றும் கேபிள் கிடைக்கிறது. ஆனால் சில லேப்டாப்களில் பின்னுக்கு நடுவே ஒரு ஊசி இருக்கும். அடாப்டர் ஒரிஜினல்தானா, எத்தனை வாட் என்று அது வழியாகத்தான் லேப்டாப் கேட்கும். பதில் வராவிட்டால் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, பிராசஸரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இங்கேதான் இன்வெர்ட்டர் ஜெயிக்கிறது. அதில் ஒரிஜினல் அடாப்டரையே செருகுவதால் லேப்டாப்புக்கு எந்தச் சந்தேகமும் வராது. இன்வெர்ட்டர் தரும் ஏசி வீட்டு ஏசி மாதிரி வழுவழுப்பான அலை இல்லை, படிப்படியாக வெட்டிய அலை. அடாப்டர் அதை எப்படியும் டிசி ஆக்கிவிடுவதால் சமாளித்துவிடும். லேசாக 'ங்ங்' என்று முனகலாம், வழக்கத்தைவிடக் கொஞ்சம் சூடாகலாம்.

இப்போது இரண்டுக்கும் பொதுவான எல்லை: சாக்கெட். மாமா வண்டியில் சாக்கெட் மூடியைத் திறந்தால் 12 வோல்ட், 120 வாட் என்று அச்சடித்திருக்கிறது. சார்ஜர் ஏறக்குறைய 90 சதவீதம் திறன், ஆகவே 100 வாட் லேப்டாப்புக்கு 110 வாட் இழுக்கும். எல்லைக்குள் அடங்கும். இன்வெர்ட்டரும் அடாப்டரும் சேர்ந்து 73 சதவீதம் என்றால், 120 வாட்டில் லேப்டாப்புக்குக் கிடைப்பது 88 வாட் சுமார். ஆக, 65 வாட் அடாப்டர் தாராளமாக ஓடும், 90 வாட் அடாப்டர் முழு லோடில் விளிம்பில் நிற்கும். பெட்டியில் 150 வாட் என்று போட்டிருந்தாலும் கதை அவ்வளவுதான்.

ஒருமுறை ஒரு கஸ்டமர் கேமிங் லேப்டாப்போடு வந்தார். 180 வாட் அடாப்டர். அவரே 200 வாட் இன்வெர்ட்டரும் கொண்டுவந்து செருகினார். கணக்குப் போட்டால் அது கேட்பது 18 ஆம்ப்புக்கும் மேல். சாக்கெட்டின் ஃப்யூஸ் 15 ஆம்ப். ஆனால் ஃப்யூஸ் உடனே போகாது. இப்படிக் கொஞ்சமாக மீறினால் அது பல நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கும். அவருக்கும் கால் மணி நேரம் ஓடிவிட்டுத்தான் போனது, கூடவே மாமாவின் பாட்டும் நின்றது. அந்த வண்டியில் சாக்கெட்டுக்கும் ஆடியோவுக்கும் ஒரே ஃப்யூஸ்.

அடுத்த நாள் ஸ்டாண்டில் ஒருவர் சொன்ன வைத்தியம்: "முப்பது ஆம்ப் ஃப்யூஸ் போட்டுடு, இனிமே போகாது."

"அது மட்டும் வேணாம் மாமா" என்றேன். ஃப்யூஸ் லேப்டாப்பைக் காப்பாற்ற இல்லை, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயரைக் காப்பாற்ற இருக்கிறது. கம்பெனி அந்த ஒயரை 15 ஆம்ப்புக்குத்தான் கணக்குப் பண்ணிப் போட்டிருக்கிறது. 30 போட்டால், 25 ஆம்ப் ஓடும்போது ஃப்யூஸ் சும்மா இருக்கும், ஒயர் உருகும். அதைவிடப் பெரிய இன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த ஒயர், பேட்டரி பக்கத்திலேயே தனி ஃப்யூஸ், இதுதான் வழி. ஃப்யூஸ் போவதற்கு முன்பே ஆபத்து தெரிய ஒரு அடையாளம் உண்டு: கால் மணி நேரம் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றி அதன் முனையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே பிடிப்பு லூஸ், அந்த இடத்தில் வோல்டேஜ் சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது.

கடைசியாக, மாமா உண்மையில் பயப்பட்ட விஷயம். குடும்பம் தரிசனத்துக்குப் போயிருக்கும், லேப்டாப்காரர் மட்டும் மலை மேல் பார்க்கிங்கில் காரிலேயே உட்கார்ந்திருப்பார். இன்ஜின் ஆஃப். ஆடிக் கிருத்திகை மாதிரி நாள் என்றால் வரிசை எப்போது நகரும் என்று முருகனுக்குத்தான் தெரியும்.

மாமா வண்டியின் பேட்டரி 35 ஆம்ப்-ஹவர். அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 12 ஆம்ப்-ஹவர், அதற்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மிச்சம் வேண்டும், கார் பேட்டரி ஆழமாக இறங்கினால் சீக்கிரம் செத்தும் போகும். முழு 64 வாட் போனால் இன்வெர்ட்டர் வழியில் 1 மணி 40 நிமிடம், சார்ஜர் வழியில் 2 மணி நேரம். லேப்டாப் பேட்டரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அது இழுப்பது குறையும், நேரம் கூடும். அதனால் மாமாவுக்கு நான் சொன்னது: ரயில் நிலையத்திலிருந்து ஏறும்போதே, இன்ஜின் ஓடும்போதே, சார்ஜ் போடச் சொல்லிவிடுங்கள்.

"இன்வெர்ட்டர்தான் பேட்டரி இறங்கினா கூவுமே?" என்று கேட்டார். கூவும். ஆனால் இப்படிப்பட்ட சின்ன இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 10.5 வோல்ட் பக்கத்தில்தான் கூவும். அந்த நேரத்தில் கார் பேட்டரி கிட்டத்தட்ட காலி. அது இன்வெர்ட்டரின் வசதிக்கு வைத்த அலாரம், உங்கள் ஸ்டார்ட்டருக்கு இல்லை. சாக்கெட்டில் செருகும் சின்ன வோல்ட்மீட்டர் ஒன்று வாங்கினோம். லோடைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால், 12.6 என்றால் நிரம்பிய பேட்டரி, 12.2 என்றால் பாதி. மாமா 12.3 வந்தாலே கழற்றச் சொல்லிவிடுகிறார்.

இப்போது வண்டியின் முன்பக்கம் 100 வாட் சி ஓட்டை உள்ள சார்ஜரும் 5 ஆம்ப் கேபிளும். இன்வெர்ட்டர் டிக்கியில், உருண்டை பின்காரர்களுக்காக, 65 வாட் அடாப்டர் வரை மட்டும். எது செருகியிருந்தாலும் சாவி திருப்புவதற்கு முன் ஒருமுறை கழற்றிவிடுகிறார், ஸ்டார்ட் ஆகும் நொடியில் வோல்டேஜ் தடாலென்று விழுந்து எழும் என்பதால்.