கீழ் ஸ்தாயியில் கரகரக்கும் காந்தாரம்

உளவொலியியல் பாடத்தில் இசைவு, இசைவின்மை பற்றிய பகுதியைப் பெரும்பாலும் விகிதங்களில்தான் தொடங்குவார்கள். ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் 1:2, பஞ்சமம் 2:3, அந்தர காந்தாரம் 4:5. எண்கள் சிறியவையாக இருந்தால் இனிமை என்பது பித்தகோரஸின் பெயரால் வழங்கிவரும் விளக்கம். இந்தப் பாடத்தை ஆய்வகத்தில் நடத்திவரும் ஆசிரியர் ஒருவர் விகிதங்களை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளுகிறார். மாணவர்கள் ஹெட்போனை மாட்டியதும் 880, 1100 ஹெர்ட்ஸ் கொண்ட இரண்டு சைன் ஒலிகளைச் சேர்த்துக் கேட்க வைக்கிறார். தெளிவான காந்தாரம். அடுத்து 110, 137.5 ஹெர்ட்ஸ். இதுவும் அதே 4:5 தான். ஆனால் காதில் விழுவது ஓர் உறுமல்.

விகிதம் மாறாமல் இருக்க இனிமை மட்டும் எங்கே போயிற்று? விடை உட்செவியில் இருக்கிறது.

நத்தை ஓடு போலச் சுருண்ட உட்செவிக்குள் சுமார் 35 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சவ்வு இருக்கிறது. உச்ச ஒலிகள் அதன் ஒரு முனையையும் கீழ் ஒலிகள் மறுமுனையையும் அதிகமாக அசைக்கின்றன. ஓர் ஒலி ஒரு புள்ளியை மட்டும் அசைப்பதில்லை. அதைச் சுற்றி ஒரு பரப்பே அசைகிறது. இரண்டு ஒலிகளின் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், அங்குள்ள நரம்புகளுக்கு இரண்டும் கலந்த ஓர் அலைதான் கிடைக்கிறது. அந்த அலை, இரு அதிர்வெண்களின் வித்தியாசம் எவ்வளவோ அத்தனை முறை ஒரு நொடியில் பெருகித் தணிகிறது. பரப்புகள் விலகிவிட்டால் கலப்பும் இல்லை, தணிப்பும் இல்லை. இப்படிக் கலக்கும் எல்லையின் அகலத்தைத்தான் கிரிட்டிக்கல் பேண்ட் என்கிறார்கள். எபர்ஹார்ட் ட்ஸ்விக்கரின் அட்டவணைப்படி 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் அகலம் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே, அந்த இடத்து அதிர்வெண்ணில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு.

இதைச் சொல்லிப் புரிய வைப்பதைவிடக் கேட்க வைப்பது எளிது. 440 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை அப்படியே நிறுத்திவிட்டு, இன்னொன்றை 440இலிருந்து மெதுவாக மேலே ஏற்ற வேண்டும். 442இல் ஒரே ஒலி நொடிக்கு இரண்டு முறை விம்முகிறது. பத்துப் பன்னிரண்டு வரை விம்மல்களை ஓரளவு பின்தொடர முடியும். இருபதை நெருங்கும்போது எண்ணிக்கை கைவிட்டுப் போகிறது; விம்மல் கரகரப்பாக மாறுகிறது. 465, 470 பக்கம் கரகரப்பு உச்சத்தில் இருக்கும். இன்னும் ஏற்றினால் ஒலிகள் இரண்டு என்று தெரியத் தொடங்கும், ஆனாலும் கரகரப்பு ஒட்டிக்கொண்டே வரும். 550ஐத் தொடும்போது அது ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது. இந்த ஏற்றத்தை அவசரப்படாமல் செய்ய வேண்டும் என்பதில் ஆசிரியர் கண்டிப்பானவர். வேகமாக இழுத்தால் சறுக்கும் ஓசைதான் காதை நிறைக்கும், நடுவில் நடக்கும் மாற்றம் தவறிப்போகும்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இலேயே இசைவின்மைக்கு விம்மல்தான் காரணம் என்று எழுதினார்; நொடிக்கு 33 விம்மல் அளவில் கரகரப்பு உச்சம் என்பது அவருடைய கணிப்பு. ரெய்னியர் ப்ளாம்ப், வில்லெம் லெவெல்ட் என்ற டச்சு ஆய்வாளர்கள் 1965இல் இசைப்பயிற்சி இல்லாதவர்களுக்குச் சைன் ஒலி இணைகளைப் போட்டுக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். உச்சத்தைத் தீர்மானிப்பது ஒரு நிலையான எண் அல்ல, கிரிட்டிக்கல் பேண்ட் என்ற அந்தப் பட்டையின் அகலம்தான் என்று தெரிந்தது. வித்தியாசம் பட்டையின் கால் பங்காக இருக்கும்போது இசைவின்மை மிக அதிகம். முழுப் பட்டையைத் தாண்டினால் இசைவு. அவர்கள் வரைந்த வளைவில் 2:3க்கோ 4:5க்கோ தனி மேடு கிடையாது. இசை தெரிந்த மாணவர்கள்தான் இதைக் கண்டு அதிகம் திகைக்கிறார்கள்.

இப்போது முதல் இரண்டு ஒலிகளுக்குத் திரும்பலாம். 110, 137.5: வித்தியாசம் 27.5 ஹெர்ட்ஸ், பட்டை சுமார் 100. கிட்டத்தட்டக் கால் பங்கு, அதாவது மிக மோசமான இடம். 880, 1100: வித்தியாசம் 220, அங்கே பட்டை சுமார் 160. வெளியே வந்துவிட்டது. கிளாஸ்பெர்க், மூர் இருவரும் 1990இல் தந்த சூத்திரம் கீழ் ஒலிகளில் பட்டையை இன்னும் குறுகலாக, இந்த இடத்தில் சுமார் 38 ஹெர்ட்ஸாகக் காட்டுகிறது. அந்தக் கணக்கிலும் கீழ்க் காந்தாரம் பட்டைக்கு உள்ளேதான் நிற்கிறது. பியானோவுக்கு எழுதுபவர்கள் இடக்கைப் பகுதியில் ஸ்வரங்களை நெருக்கி வைக்காமல் பஞ்சமமாகவோ முழு ஸ்தாயியாகவோ விரித்து வைக்கும் வழக்கத்துக்குக் காரணமும் இதுவே.

அப்படியானால் பஞ்சமத்துக்கு என்ன தனிச்சிறப்பு? சைன் ஒலிகளில் எதுவும் இல்லை. 440, 660 எவ்வளவு வழுவழுப்போ, ஸ-பிரதி மத்திமமான 440, 622 இணையும் ஏறத்தாழ அவ்வளவு வழுவழுப்புதான். வேறுபாடு, தந்தியோ குழலோ தரும் சீரிசைகளைச் சேர்த்த பிறகே வருகிறது. 440இன் சீரிசைகள் 880, 1320, 1760, 2200, 2640. 660க்கு 1320, 1980, 2640. இரண்டு இடங்களில் அச்சாகப் பொருந்துகின்றன. மற்றவை பட்டையின் பெரும்பகுதி அளவுக்கு விலகி நிற்கின்றன. 622க்கோ 1244, 1866, 2488. முதலாவது 1320க்கு 76 ஹெர்ட்ஸ் தள்ளி, சுமார் 200 ஹெர்ட்ஸ் அகலப் பட்டைக்குள் விழுகிறது. 1866 போய் 1760உடனும், 2488 போய் 2640உடனும் இதேபோல் மோதுகின்றன. மூன்று மோதல்களும் பட்டையின் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டிய இடத்தில், உச்சத்துக்கு அருகே. சிறிய எண் விகிதங்கள் இங்கேதான் கதைக்குள் நுழைகின்றன: சீரிசைகள் பொருந்துவதற்கான நிபந்தனையாக. ஆசிரியர் மாணவர்களைக் கணினியில் இந்தச் சீரிசைகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வரச் சொல்கிறார். கடைசியில் 440, 622 மட்டும் மிஞ்சும்போது கரகரப்பு காணாமல் போயிருக்கும்.

இந்தச் சோதனை பழுதாவதற்கு வழக்கமான காரணம் ஒலியளவு. இரண்டு ஒலிகளையும் முழு அளவில் கூட்டினால் அலையின் உச்சி வெட்டுப்படுகிறது; அந்த வெட்டு புதிய ஒலிகளை உண்டாக்குகிறது. அலைமாலையைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். 440, 622 மட்டும் இருக்க வேண்டிய கோப்பில் 258இலும் 804இலும் கோடுகள் எழுந்திருந்தால் கரகரப்பு காதில் பிறந்தது அல்ல, கோப்பில் பிறந்தது. ஒவ்வொன்றையும் பாதி அளவுக்குக் குறைத்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

பட்டைக் கணக்கு எதுவரை செல்லும் என்பதையும் அதே ஹெட்போன் காட்டிவிடுகிறது. இடக்காதில் ஒரு ஒலி, வலக்காதில் இன்னொன்று என்று பிரித்தால் எந்தச் சவ்விலும் கலப்பு நடப்பதில்லை. கரகரப்பு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆனாலும் பலர் சில இணைகளையே இன்னும் விரும்புகிறார்கள். ஜாஷ் மெக்டெர்மட் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்கு இசைவான கூட்டொலிகள் எவ்வளவு பிடிக்கின்றன என்பது, சீரிசை ஒழுங்கு அவருக்கு எவ்வளவு பிடிக்கிறது என்பதோடு ஒத்துப்போனது. விம்மலை எவ்வளவு வெறுக்கிறார் என்பதோடு அல்ல. 2016இல் பொலிவியாவின் சிமானே மக்களிடம் கேட்டபோது இசைவான கூட்டொலி, இசைவற்ற கூட்டொலி இரண்டையும் ஒரே அளவு இனிமை என்றார்கள். கரகரப்பை மட்டும் அவர்களும் விரும்பவில்லை. அதனால் ஆசிரியர் தரும் விடைத்தாளில் ஒவ்வொரு இணைக்கும் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில் ‘எவ்வளவு கரகரப்பு?’ மற்றொன்றில் ‘எவ்வளவு இனிமை?’ முதல் கட்டத்து மதிப்பெண்கள் மட்டுமே பட்டைக் கணக்கோடு ஒப்பிடப்படுகின்றன.