வயிறு நிறைந்தது... பால் ஏன் குறைந்தது?

பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் வத்திராயிருப்புப் பக்கத்துக் கிராமம் அது. தை பிறந்துவிட்டால் கரும்பு வெட்டு. வெட்டு நடக்கும் வயலுக்குப் போனால், அடிக்கரும்பைக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டு நுனித் தோகையை வரப்பில் தள்ளிவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம், காசில்லை.

அந்த அம்மாவுக்கு அது பெரிய வரம். கணவர் போன பிறகு வீட்டுச் செலவும் மகளின் காலேஜ் பீஸும் ஒற்றை மாட்டின் மேல்தான். ஜெர்சிக் கலப்பு. பெயர் லட்சுமி. ஐப்பசியில் கன்று போட்டது. காலையும் மாலையும் சேர்த்து 8 லிட்டர் கறந்தது. தை மாதம் முழுக்க அந்த அம்மா தினமும் தலைச்சுமையாகத் தோகை கொண்டுவந்து போட்டார். ஒரு நாளைக்கு 30 கிலோவுக்குக் குறையாது. அதோடு ஒரு கிலோ தவிடு, கழுநீர். காசு போட்டு வாங்கிய புண்ணாக்கையும் தீவனத்தையும் நிறுத்திவிட்டார். 'வயிறு முட்டப் பச்சை தின்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?' என்பது அவர் கணக்கு.

மாசி நடுவில் பால் ஐந்தரை லிட்டருக்கு வந்துவிட்டது. பால் சங்கத்தில் எஸ்.என்.எஃப். குறைகிறது என்று விலையையும் குறைத்தார்கள். "தண்ணி எதுவும் சேர்த்தீங்களாக்கா?" என்று அளக்கிற பையன் மெதுவாகக் கேட்டபோது அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காதவர் அவர்.

லட்சுமியிடம் வேறு சில மாற்றங்களும் தெரிந்தன. தொழுவத்துச் சுவரை நக்கியது. கட்டிய கயிற்றை மென்றது. ஒரு நாள் கொடியில் காய்ந்த துண்டை இழுத்துச் சப்பிக்கொண்டு நின்றது. கன்று போட்டு மூன்றரை மாதம் தாண்டியும் பருவத்துக்கு வரவில்லை. சாணியில் ஈர்க்கு ஈர்க்காகத் தோகை நார் அப்படியே வந்தது.

"மதினி, இது ஓடிப்போன மாடு. நல்ல விலை கிடைக்கும்போதே தள்ளிவிட்ருங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மாட்டுத் தரகரும் ஒருமுறை வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். மகள்தான் பிடிவாதம் பிடித்தாள். "டாக்டர் பார்க்கட்டும்மா. அப்புறம் விக்கலாம்."

டாக்டர் வந்து காய்ச்சல் பார்த்தார். மடியை நான்கு காம்பிலும் கறந்து பார்த்தார். மடிநோய் இல்லை. குடற்புழுவுக்கு மருந்து எழுதினார். பிறகு தீவனத் தொட்டியை எட்டிப் பார்த்து, "எத்தனை நாளா இதையே போடுறீங்கம்மா?" என்று கேட்டார்.

"ஒரு மாசத்துக்கு மேல சார். நல்லாத்தான் தின்னுது."

"தின்னும். இனிப்பா இருக்குமில்ல? அதுதான் இதுல இருக்கிற ஏமாற்று."

மகளின் நோட்டில் அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். லட்சுமி சுமார் 350 கிலோ எடை. 8 லிட்டர் கறக்க அதற்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ புரதம் வேண்டும். 30 கிலோ பச்சைத் தோகையில் தண்ணீரைக் கழித்தால் மிஞ்சும் உலர்ந்த பொருள் சுமார் 8 கிலோ. அதில் புரதம் நூற்றுக்கு ஐந்து பங்குதான், அதாவது 400 கிராம். தவிட்டையும் சேர்த்தால் அரைக்கிலோவைச் சற்றே தாண்டும். வயிறு நிறைந்துவிட்டது, தேவையில் பாதிதான் உள்ளே போயிருக்கிறது. குறைந்த பாலும் குறைந்த எஸ்.என்.எஃப்.பும் அங்கேதான் தொடங்கின. இடம் இருந்தால் மாடு இன்னும் தின்றிருக்கும். ஆனால் நார் மிகுந்த தோகை வயிற்றில் மெல்லத்தான் செரிக்கிறது. அது நகராமல் அடுத்த வாய்க்கு இடமில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. கரும்புத் தோகையில் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தோடு, அதாவது கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு கரையாத பொருளாக மாறும். அந்தக் கால்சியம் உடம்பில் சேராமல் சாணியோடு வெளியே போய்விடும். மெல்ல மெல்லப் பழக்கினால் மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டில் ஒரு பங்கைச் சிதைத்துவிடும். ஒரே நாளில் 30 கிலோவைக் கொட்டினால் அவற்றுக்குப் பழக அவகாசம் இல்லை. போதாததற்குத் தோகையில் பாஸ்பரஸும் குறைவு. சுவரை நக்குவது, கயிறு மெல்வது, பருவத்துக்கு வராமல் இருப்பது எல்லாம் தாது உப்புக் குறைவின் அடையாளங்கள்.

"வெத்தலைச் சுண்ணாம்பைத் தண்ணியில கலக்கி வச்சா போதுமா சார்? அப்படித்தான் சொல்றாங்க."

"தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணியால கால்சியம் கொஞ்சம் கிடைக்கும்மா. பாஸ்பரஸ் கிடைக்காது, புரதமும் கிடைக்காது. பாதி வைத்தியம்தான்."

தோகையை விட்டுவிட வேண்டாம் என்றும் அவரே சொன்னார். அதைப் பாதியாகக் குறைத்து, மீதி இடத்தில் அது தராததைத் தரும் ஒன்றை வைக்க வேண்டும். "உங்க பக்கம் கடலை போட்டிருக்கிறவங்க யாரும் இருக்காங்களா?"

ராஜபாளையம் பக்கம் அந்த அம்மாவின் தம்பி கிணற்றுப் பாசனத்தில் நிலக்கடலை போட்டிருந்தார். பங்குனி தொடக்கத்தில் அறுவடை. கடலை பயறு வகைச் செடி. அதன் கொடியில் தோகையைப் போல இரண்டு மடங்கு புரதம் இருக்கும். கால்சியமும் நிறைய. கரும்பு பறிப்பதைக் கடலை ஓரளவு திருப்பித் தரும்.

தம்பி சொன்னார்: "அக்கா, வண்டி அனுப்பு, எல்லாத்தையும் அள்ளிக்கோ."

முதல் வண்டியிலேயே ஒரு பாடம் கிடைத்தது. காய் பறித்த கொடியைச் சரியாகக் காயவிடாமல் ஈரத்தோடு தொழுவத்து மூலையில் குவித்தார்கள். மூன்றாம் நாள் கை வைத்தால் குவியலுக்குள் சுட்டது. உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம், மக்கிய நாற்றம். அந்த அம்மா அதைக் கழுவிக் காயவைத்துப் போடலாமா என்று டாக்டருக்குப் போன் செய்தார்.

"வேண்டாம்மா. எருக்குழியில போட்டுடுங்க. கடலையில வர்ற பூசணத்துல அஃப்ளாடாக்சின்னு ஒரு நஞ்சு உண்டு. கழுவினா போகாது. மாட்டோட ஈரலைக் கெடுக்கும். பால்லயும் இறங்கும். அந்தப் பாலைக் காய்ச்சினாலும் அழியாது."

இரண்டாவது வண்டியை மகள் பார்த்துக்கொண்டாள். கொடியை உதறி மண்ணைப் போக்கினாள். மண்ணோடு தின்றால் மணல் வயிற்றில் தங்கும். வேர்ப் பகுதியையும் ஒட்டியிருந்த சொத்தைக் காய்களையும் அரிவாளால் வெட்டி நீக்கினாள். பூசணம் முதலில் பிடிப்பது அந்தக் காய்களில்தான். மெல்லிய படுகையாகப் பரப்பிக் காயவைத்தாள். கொடியில் சத்து இலையில்தான் இருக்கிறது, தண்டில் இல்லை. உச்சி வெயிலில் புரட்டினால் இலை நொறுங்கி உதிர்ந்துபோகும். அதனால் பனி ஈரம் லேசாக இருக்கும் காலை நேரத்தில் மட்டும் புரட்டினாள். தண்டை ஒடித்தால் 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம். காய்ந்த பிறகு தரையில் படாமல் பலகை போட்டுப் படப்பு வைத்தாள். கடைசியாக மருந்தடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று மாமாவிடம் கேட்டுக்கொள்ளவும் மறக்கவில்லை.

தோகையையும் இப்போது அப்படியே போடவில்லை. அரை நாள் வாடவிட்டு, விரற்கடை நீளத்துக்கு நறுக்கிப் போட்டார்கள். முழுத் தோகையின் அரம் போன்ற ஓரம் நாக்கையும் ஈறையும் கீறும். நறுக்கினால் தொட்டியில் வீணாவதும் குறைவு. அன்றன்று வந்ததை அன்றன்றே போட வேண்டும். குவித்து வைத்தால் அதுவும் சூடேறிப் புளிக்கும்.

பத்து நாளில் படிப்படியாக மாற்றி நிறுத்திய அளவு இதுதான்: பச்சைத் தோகை 15 கிலோ, காய்ந்த கடலைக்கொடி 3 கிலோ, புண்ணாக்கும் தவிடும் தானியமும் சேர்ந்த அடர்தீவனம் 3 கிலோ. கூடவே தாது உப்புக் கலவை 50 கிராம், சாதாரண உப்பு 30 கிராம், எந்நேரமும் தண்ணீர். தோகையில் 200 கிராம், கொடியில் 280, அடர்தீவனத்தில் 600. மொத்தப் புரதம் ஒரு கிலோவைத் தாண்டியது. கொடியிலும் பாஸ்பரஸ் குறைவுதான். அந்தக் குறையைத் தவிடும் தாது உப்பும் நிரப்பின. 'கொடி போடுகிறோமே, தாது உப்பு எதற்கு?' என்று அந்த அம்மா முதலில் யோசித்தார். பிறகு நிறுத்தவில்லை.

நான்கு வாரத்தில் பால் 7 லிட்டருக்கு ஏறியது. எட்டு திரும்பவில்லை. கன்று போட்டு ஐந்து மாதம் ஆன மாட்டுக்கு அது இயல்புதான் என்றார் டாக்டர். எஸ்.என்.எஃப். பழைய நிலைக்கு வந்தது. சுவர் நக்குவது நின்றது. சித்திரை கடைசியில் ஒரு நாள் விடியற்காலை லட்சுமி விடாமல் கத்தியது. பருவத்துக்கு வந்துவிட்டது. அன்றே சினை ஊசி போட்டார்கள்.

சினைப் பரிசோதனைக்கு வந்தபோது டாக்டர் இன்னொன்றையும் சொல்லி வைத்தார். "கன்னு போடுறதுக்கு முந்தின மூணு வாரம் கடலைக்கொடியைக் குறைச்சுடுங்க. கால்சியம் டானிக்கும் ஊத்தாதீங்க."

"சத்துதானே சார், கொடுத்தா என்ன?"

"வெளியிலிருந்து தாராளமா வந்துட்டா, எலும்புல இருந்து கால்சியத்தை எடுக்கிற பழக்கத்தை உடம்பு மறந்துடும்மா. கன்னு போட்ட அன்னைக்குப் பால் சுரக்கத் திடீர்னு நிறைய வேணும். அப்ப எடுக்கத் தெரியாம மாடு விழுந்துடும்."

அதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர், ஆனால் உடம்பு சுடாது. காது ஜில்லென்று இருக்கும். மாடு எழ முடியாமல் படுத்து, கழுத்தை விலாப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். உடனே டாக்டரையோ 1962 கால்நடை ஆம்புலன்ஸையோ கூப்பிட வேண்டும். மகள் அந்த எண்ணைத் தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்தாள், லட்சுமி நக்கி நக்கி வழவழப்பாக்கிய அதே இடத்தில்.

வைகாசியில் தரகர் மறுபடியும் வந்தார். இந்த முறை அவரே விலையை ஏற்றிச் சொன்னார்.

"கொடுக்கிறதா இல்லீங்கண்ணே" என்றார் அந்த அம்மா.

படப்பிலிருந்து கொடி உருவிக்கொண்டிருந்தாள் மகள். ஒவ்வொரு பிடியையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் போட்டாள்.