மனப்பாடமும் புரிதலும்: மெஷின் லேர்னிங்கில் ஓவர்ஃபிட்டிங்

பயிற்சிக்குக் கொடுத்த தரவில் பிழையே இல்லாமல் கணிக்கும் ஒரு மாடல், புதிய தரவைக் கண்டதும் தடுமாறினால் அதை ஓவர்ஃபிட்டிங் என்கிறார்கள். தமிழில் மிகைப்பொருத்தம் என்று எழுதுவதுண்டு. தரவுக்குப் பின்னால் இருக்கும் விதியைப் பிடிப்பதற்குப் பதிலாக, அந்தத் தரவையே மாடல் நினைவில் ஏற்றிக்கொண்டுவிட்டது என்பதுதான் இதன் பொருள்.

கணக்கைப் புரிந்துகொள்ளாமல் கைடில் உள்ள விடைகளை அப்படியே மனப்பாடம் செய்யும் மாணவரின் நிலையும் இதுதான். தேர்வில் கைடில் உள்ள கணக்கே வந்தால் அவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். எண்களை மாற்றிக் கேட்டால் முதல் வரியைத் தாண்ட முடியாது. இதைவிடக் கூர்மையான அடையாளம் ஒன்று உண்டு. கைடில் 48 என்று இருக்க வேண்டிய விடை 84 என்று அச்சாகியிருந்தால், புரிந்து படித்தவர் அந்த இடத்தில் நின்று யோசிப்பார். மனப்பாடம் செய்தவர் 84 என்றே எழுதிவிட்டு வருவார். பாடம் எது, அச்சுப்பிழை எது என்று பிரித்துப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. ஓவர்ஃபிட்டிங்கின் சாரமும் இதுவே. எல்லாத் தரவிலும் விதியும் தற்செயலான பிழையும் கலந்தே இருக்கின்றன. இந்தத் தற்செயல் பிழையை இரைச்சல் என்பார்கள். ஓவர்ஃபிட் ஆன மாடல் இரைச்சலையும் பாடமாகவே படித்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்கச் சிறந்த எடுத்துக்காட்டு, கிறிஸ்டோபர் பிஷப் 2006-இல் வெளியிட்ட பாடநூலின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. 0 முதல் 1 வரையிலான இடைவெளியில் ஒரு முழு சைன் அலையை எடுத்துக்கொள்கிறார். அதன்மேல் சம இடைவெளியில் 10 புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றையும் சிறிது மேலோ கீழோ தற்செயலாக நகர்த்துகிறார். அந்த நகர்வுதான் இரைச்சல். மாடலுக்குக் கிடைப்பது இந்த 10 புள்ளிகள் மட்டுமே. அடியில் இருக்கும் சைன் அலை அதன் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

இங்கே மாடல் என்பது ஒரு பல்லுறுப்புக் கோவை. அதன் படி கூடக் கூட, வளைகோடு அதிகமாக வளைந்து கொடுக்கும். புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் இடையிலான பிழை குறையும்படி கோவையின் குணகங்களைச் சரிசெய்வதே பயிற்சி. முதல் படியில் கிடைப்பது ஒரு நேர்கோடு. அலையைப் பிடிக்கும் வலு அதற்கு இல்லை. பயிற்சிப் புள்ளிகளிலும் பிழை அதிகம், புதிய புள்ளிகளிலும் அதிகம். பாடத்தையே படிக்காத நிலை இது. அண்டர்ஃபிட்டிங் என்று பெயர். மூன்றாம் படிக்குப் போனால் கோடு ஏறி இறங்கி அலையின் வடிவத்தை ஏறத்தாழப் பிடித்துவிடுகிறது. எந்தப் புள்ளியையும் அது துல்லியமாகத் தொடவேண்டியதில்லை. ஆனால் புதிதாக ஒரு புள்ளியைக் கேட்டால் நம்பத்தக்க விடை தருகிறது.

ஒன்பதாம் படிக்குப் போனதும் நிலைமை தலைகீழாகிறது. அந்தக் கோவையில் 10 குணகங்கள் இருக்கின்றன; தரவிலும் 10 புள்ளிகள்தான். ஆகவே ஒரு புள்ளியையும் விடாமல் எல்லாவற்றின் வழியாகவும் கோடு செல்கிறது. பயிற்சிப் பிழை பூஜ்யம். ஆனால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, குறிப்பாக இரு ஓரங்களில், அது எகிறிப் பாய்கிறது. அந்த இடத்தில் சைன் அலையோடு அதற்கு எந்த ஒட்டும் இல்லை.

குணகங்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். பிஷப் தரும் அட்டவணையில், மூன்றாம் படிக் கோவையின் மிகப்பெரிய குணகம் 25-ஐ ஒட்டியது. ஒன்பதாம் படியில் ஒரு குணகம் சுமார் 6,40,000. அதை அடுத்தது சுமார் −10,60,000. இரைச்சலால் ஏற்பட்ட சிறு சிறு நகர்வுகளையும் விடாமல் தொடவேண்டுமானால், பிரமாண்டமான கூட்டல் எண்களும் கழித்தல் எண்களும் ஒன்றையொன்று ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. பயிற்சிப் புள்ளிகள் இருக்கும் இடங்களில் அந்த ஈடுகட்டல் சரியாக அமைந்துவிடுகிறது. மற்ற இடங்களில் அதற்கு உத்தரவாதம் இல்லை. கைடில் உள்ள கேள்விகளுக்கு மட்டும் பொருந்தும்படி தயாரான விடை எப்படி இருக்கும் என்பதை இந்த எண்களே காட்டிவிடுகின்றன.

இந்தச் சோதனையை யாரும் தம் கணினியில் செய்து பார்க்கலாம்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(0)

def data(n):
    x = np.linspace(0, 1, n)
    return x, np.sin(2*np.pi*x) + rng.normal(0, 0.3, n)

x, t = data(10)
xs, ts = data(100)
for m in (1, 3, 9):
    w = np.polyfit(x, t, m)
    rms = lambda a, b: np.sqrt(np.mean((np.polyval(w, a) - b)**2))
    print(m, rms(x, t), rms(xs, ts))
```

அச்சாகும் ஒவ்வொரு வரியிலும் முதலில் படி, அடுத்து பயிற்சிப் பிழை, கடைசியில் புதிய 100 புள்ளிகளில் உள்ள பிழை. ஒன்பதாம் படியின் வரியில் நடு எண் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். கடைசி எண் அப்படி நிற்காது. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே விழும் இடைவெளியே ஓவர்ஃபிட்டிங்கின் அளவு.

அப்படியானால் ஒன்பதாம் படியே தவறா? இல்லை. அதே ஒன்பதாம் படிக் கோவைக்கு 10-க்குப் பதில் 100 புள்ளிகளைக் கொடுத்துப் பயிற்சி செய்தால் கோடு அடங்கி, சைன் அலையோடு ஏறக்குறைய ஒட்டி வருகிறது. எல்லாப் புள்ளிகளையும் தொட இப்போது 10 குணகங்கள் போதாது. மேலே நகர்ந்தவையும் கீழே நகர்ந்தவையும் ஒன்றையொன்று சமன்செய்துவிட, விதி மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே ஓவர்ஃபிட்டிங்கை மாடலின் தனிக் குறையாகப் பார்க்கக் கூடாது. மாடலின் கொள்ளளவுக்கும் தரவின் அளவுக்கும் உள்ள பொருத்தமின்மையே அது. பத்தே கணக்குகள் உள்ள கைடை மனப்பாடம் செய்வது எளிது. ஆயிரம் கணக்குகளைக் கொடுத்தால் முறையைப் புரிந்துகொள்வதே சுலபமான வழியாகிவிடும்.

தரவைக் கூட்ட முடியாத இடத்தில் ரெகுலரைசேஷன் கைகொடுக்கிறது. பிழையைக் குறைப்பதோடு, குணகங்கள் பெரிதாவதற்கும் ஓர் அபராதம் விதிக்கப்படுகிறது. அந்த அபராதத்தின் கடுமையை λ என்ற எண் தீர்மானிக்கும். பிஷப்பின் எடுத்துக்காட்டில் λ-வின் இயல் மடக்கை −18, அதாவது 100 கோடியில் சுமார் 15 பங்கு. இவ்வளவு சிறிய அபராதமே லட்சங்களில் இருந்த குணகங்களை 100-க்குள் இறக்கிவிடுகிறது. 10 புள்ளிகளே இருந்தும் கோடு சைன் அலையை நெருங்குகிறது. λ-வை 1 ஆக உயர்த்தினால் குணகங்கள் நசுங்கி, கோடு கிட்டத்தட்டத் தட்டையாகி, மறுபடி அண்டர்ஃபிட்டிங்கில் போய் விழுகிறது. எந்த λ சரி என்பதைப் பயிற்சிப் பிழையை வைத்துச் சொல்ல முடியாது. பயிற்சிப் பிழையைக் கேட்டால் அது எப்போதும் அபராதமே வேண்டாம் என்றுதான் சொல்லும்.

அதனால்தான் தரவை மூன்றாகப் பிரிக்கிறார்கள். பயிற்சித் தரவில் குணகங்கள் கற்கப்படுகின்றன. சரிபார்ப்புத் தரவில் படி எது, λ எவ்வளவு என்ற தேர்வுகள் நடக்கின்றன. சோதனைத் தரவு கடைசிவரை மூடியே இருக்க வேண்டும். நியூரல் நெட்வொர்க் போலப் பல சுற்றுகளாகப் பயிலும் மாடல்களில், பயிற்சிப் பிழை, சரிபார்ப்புப் பிழை இரண்டையும் சுற்றுவாரியாக வரைந்து பார்ப்பது வழக்கம். முதலில் இரண்டும் சேர்ந்தே இறங்கும். ஒரு கட்டத்தில் பயிற்சிப் பிழை இறங்கிக்கொண்டே போக, சரிபார்ப்புப் பிழை நின்று, பிறகு ஏறத் தொடங்கும். புரிதல் முடிந்து மனப்பாடம் தொடங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அங்கேயே பயிற்சியை நிறுத்துவதற்கு ஏர்லி ஸ்டாப்பிங் என்று பெயர்.

பெரிய நெட்வொர்க்குகளால் எந்த அளவுக்கு மனப்பாடம் செய்ய முடியும் என்பதை, சியுவான் ஜாங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017-இல் ஐசிஎல்ஆர் மாநாட்டில் அளித்த ஆய்வு காட்டியது. சிஃபார்-10 என்ற படத் தொகுப்பில் பயிற்சிக்கு 50,000 படங்கள் உள்ளன. விமானம், பூனை, கப்பல் என 10 வகைகள். அவர்கள் உண்மையான பெயர்களை நீக்கிவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் குலுக்கலில் வந்த பெயரை ஒட்டினார்கள். படத்துக்கும் பெயருக்கும் இப்போது எந்தத் தொடர்பும் இல்லை. கற்க விதியே கிடையாது. ஆனாலும் நெட்வொர்க்குகள் பயிற்சித் தரவில் பிழையே இல்லாத நிலையை எட்டின. சோதனைப் படங்களில் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் கிடைக்கும் அளவுதான் கிடைத்தது: பத்தில் ஒன்று. கைடு முழுவதும் அச்சுப்பிழையாகவே இருந்தாலும் அதை ஒப்பிக்கும் திறன் அவற்றுக்கு உண்டு.

இந்த ஆய்வில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே நெட்வொர்க்குக்கு உண்மையான பெயர்களைக் கொடுத்தால், புதிய படங்களையும் பெரும்பாலும் சரியாகவே இனம் காண்கிறது. மனப்பாடம் செய்யும் வலு இருப்பதாலேயே ஒரு மாடல் மனப்பாடம்தான் செய்யும் என்று முடிவுகட்ட முடியாது. குணகங்களின் எண்ணிக்கையைத் தரவின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுத் தீர்ப்பளிக்கும் பழைய கணக்கு, பல்லுறுப்புக் கோவைக்குப் பொருந்தும் அளவுக்கு இங்கே பொருந்துவதில்லை. ஆகவே மாடலின் அளவைப் பார்த்து ஊகிப்பதைவிட, அது பார்க்காத தரவில் சோதிப்பதே நம்பத்தக்க வழி.

அந்தச் சோதனையும் நேர்மையாக நடக்க வேண்டும். வினாத்தாள் இரண்டு வழிகளில் முன்கூட்டியே வெளியாகிவிடும். ஒன்று, பயிற்சித் தரவில் உள்ளதே சோதனைத் தரவிலும் இருப்பது. உலகெங்கும் பயன்படும் சிஃபார் தொகுப்புகளிலேயே இது நிகழ்ந்திருக்கிறது. சிஃபார்-10-இன் சோதனைப் படங்களில் 3.3 சதவீதத்துக்கும், சிஃபார்-100-இல் 10 சதவீதத்துக்கும் பயிற்சித் தரவில் இரட்டைகள் இருப்பதாக பார்ஸ், டென்ஸ்லர் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மருத்துவப் படங்களில் ஒரே நோயாளியின் ஒரு படம் பயிற்சியிலும் இன்னொரு படம் சோதனையிலும் வந்துவிட்டாலும் இதே விளைவுதான். அங்கே படங்களைப் பிரிக்காமல் நோயாளிகளைப் பிரிக்க வேண்டும்.

இரண்டாவது வழி இதைவிட நுட்பமானது. சோதனைத் தரவில் மதிப்பெண் பார்த்து, மாடலைத் திருத்தி, மறுபடி மதிப்பெண் பார்த்து, மறுபடி திருத்தினால், சோதனைத் தரவும் மெல்ல மெல்லப் பயிற்சித் தரவாகிவிடும். மாடல் அதை நேரடியாகப் பார்க்கவில்லை என்றாலும், திருத்துகிறவர் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து ஒரு செய்தியை மாடலுக்குக் கடத்துகிறார்.

எனவே ஒரு மாடலின் துல்லியம் 99 சதவீதம் என்று யார் சொன்னாலும், ஏற்றுக்கொள்ளும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்த எண் எந்தத் தரவில் கிடைத்தது? அந்தத் தரவு பயிற்சித் தரவோடு கலக்காமல் எப்படிப் பிரிக்கப்பட்டது? இறுதி முடிவுக்கு முன் அது எத்தனை முறை திறந்து பார்க்கப்பட்டது? இவற்றுக்குத் தெளிவான விடை இல்லாத எண்ணைப் புரிதலுக்கான சான்றாக ஏற்கக் கூடாது.