பெயரும் ஊதியமும்

எழுத்துத் தொழிலை நம்பி வாழ்பவர்கள் என்றேனும் ஒருநாள் கேட்க நேரும் சொற்கள் இவை: "இப்போதைக்கு எங்களால் பணம் தர இயலாது. ஆனால், இதன் மூலம் தங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரியவரும்." இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் வஞ்சகர் அல்லர். நம் எழுத்தை மதிப்பவராகவே இருப்பார். அதனாலேயே மறுமொழி எழுதுவது கடினமாகிறது. பகைவனுக்கு மறுப்புச் சொல்வது எளிது. நம்மை விரும்பி வருபவரிடம் அதைச் சொல்லித் தொடர்பும் அறாமல் காப்பது எப்படி? அண்மையில் எனக்கு வாய்த்த ஒரு நிகழ்வைக் கொண்டு இதை எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

நான் இருபது ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து வருபவன். மாதச் சம்பளம் கிடையாது. வரும் வேலைக்கு வரும் ஊதியம்தான். சென்ற ஆண்டு, புதிதாகப் பதிப்பகம் தொடங்கியிருந்த ஓர் இளைஞர் எனக்குக் கடிதம் எழுதினார். மன்னார் வளைகுடாக் கரையில் வாழும் கடல் தொழிலாளரைப் பற்றிய ஆங்கில நூலொன்றைத் தமிழில் கொண்டுவர அவர் விரும்பினார். மூல நூலின் மொழிபெயர்ப்பு உரிமையையும் முறையாகப் பணம் செலுத்திப் பெற்றிருந்தார். மொழிபெயர்ப்பாளருக்குத் தர மட்டும் கையில் ஒன்றுமில்லை. அதற்கு ஈடாக, மூல ஆசிரியரின் பெயருக்கு நிகரான எழுத்தில் என் பெயரை அட்டையில் அச்சிடுவதாகக் கூறியிருந்தார்.

அந்த நூல் என்னை ஈர்த்தது என்பதை மறைப்பதற்கில்லை. என் பாட்டனார் சங்கு குளித்தவர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைத் திசைக்கொரு பெயரிட்டு அழைக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். நான் மறுத்தால் இந்நூல் வேறொருவர் கைக்குப் போகும். அவர் அகராதியைப் பார்த்து, கொண்டலைக் 'கிழக்குத் திசைக் காற்று' என்று எழுதிவிட்டுக் கடந்து போகலாம். அந்த எண்ணமே என்னை இரண்டு இரவுகள் வருத்தியது. இலவசமாகவே செய்துவிடலாமா என்றுகூட மனம் கேட்டது.

மனம் கேட்கும்போது கணக்குப் பார்ப்பது நல்லது. அந்நூலில் ஏறத்தாழ 48,000 ஆங்கிலச் சொற்கள் இருந்தன. ஒரு நாளைக்கு 1,200 சொற்கள் என்ற என் வேகத்தில் முதல் படிக்கே நாற்பது வேலை நாள்கள் ஆகும். மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தப் பன்னிரண்டு நாள்கள். அச்சுப்படியை இருமுறை மெய்ப்புப் பார்க்க எட்டு நாள்கள். ஆக அறுபது நாள்கள். ஆங்கிலச் சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் என்பது நான் கேட்கும் ஊதியம். அதன்படி 72,000 ரூபாய். நாளொன்றுக்கு 1,200 ரூபாய். எந்த மொழிச் சொல்லை எண்ணுகிறோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று சொற்களாக நிற்பது தமிழில் 'வீட்டில்' என்று ஒரே சொல்லாகிவிடும். தமிழ்ச் சொற்களை எண்ணினால் உழைப்பு குறையாமலே ஊதியம் குறைந்துபோகும்.

இனி, ஈடாகச் சொல்லப்பட்ட பெயரைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பும் ஓர் இலக்கியப் படைப்பே. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, தன் படைப்பைத் தன்னுடையது என்று உரிமை கோரும் தகுதியைப் படைத்தவருக்கு அளிக்கிறது. பதிப்புரிமையைப் பிறருக்கு எழுதிக் கொடுத்த பின்னும் அத்தகுதி நீங்குவதில்லை. அப்படியானால் என் பெயர் பதிப்பாளர் எனக்குத் தரும் பொருளன்று, முன்பே என்னுடையது. என்னுடையதையே எனக்குக் கூலியாகத் தருவது எங்ஙனம் பொருந்தும்? அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், அதற்குரிய ராயல்டி முதலிய தொகைகளை அந்த ஆவணம் குறிப்பிட வேண்டும் என்றும் கூறுகிறது. தொகையைப் பற்றிப் பேசுவது நாகரிகக் குறைவு என்று கூச்சப்படுவோர், சட்டமே அதைப் பேசச் சொல்வதை எண்ணிப் பார்க்கலாம்.

'நாலு பேருக்குத் தெரியவரும்' என்பதையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். முதல் பதிப்பில் 500 பிரதிகள் என்று அவர் எழுதியிருந்தார். அவற்றை வாங்குவோர் வாசகர்கள். மொழிபெயர்ப்பு வேலை தருபவர்கள் பதிப்பாளர்கள். அந்த 500 பேரில் பதிப்பாளர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? அப்படி ஒருவர் என் பெயரைக் கேள்விப்பட்டாலும், நான் இலவசமாகச் செய்து கொடுத்தேன் என்பதையும் சேர்த்தே கேள்விப்படுவார். அந்தப் பெயர் கொண்டுவரும் அடுத்த வேலையும் இலவச வேலையாகவே இருக்கும்.

அப்படியென்றால் எழுத்தைக் கொடையாகத் தரவே கூடாதா என்று கேட்கலாம். தரலாம், நானும் தந்திருக்கிறேன். ஊரில் கண் மருத்துவ முகாம் நடந்தபோது அதற்கான துண்டறிக்கையைக் கூலியின்றி எழுதிக் கொடுத்தேன். அங்கே மருத்துவரும் கூலி வாங்கவில்லை. பந்தல் போட்டவரும் வாங்கவில்லை. ஆனால் ஒரு நூலில் தாளுக்குப் பணம் உண்டு, அச்சுக்குப் பணம் உண்டு, கட்டமைப்பவருக்கு உண்டு, விற்கும் கடைக்காரருக்குக் கழிவும் உண்டு. எல்லாரும் கூலி பெறும் பந்தியில் ஒருவர் மட்டும் கொடையாளியாக உட்கார வைக்கப்படுவது கொடையாகாது. கொடை கொடுப்பவன் மனத்தில் பிறக்க வேண்டும். கேட்பவர் அதைத் திட்டச் செலவில் எழுதிவைக்க இயலாது.

மறுப்பதென்று முடிவு செய்த பின், எப்படி மறுப்பது என்ற கேள்வி எழுந்தது. 'இப்போது வேலை மிகுதி' என்று எழுதுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. இரண்டு மாதம் கழித்து அவர் மீண்டும் வந்தால் இன்னொரு பொய் வேண்டும். தொழிலாளர் உரிமை குறித்து நீண்ட அறிவுரை எழுதினால் அவர் நாணமுற்று விலகிப் போவார். வருத்தத்தை நான்கைந்து முறை எழுதினாலோ, இன்னும் சற்று வற்புறுத்தினால் இணங்குவேன் என்று அவர் எண்ணிக்கொள்வார். ஆகவே இவ்வாறு எழுதினேன்:

"அன்பிற்குரிய பதிப்பாளர் அவர்களுக்கு, வணக்கம். தாங்கள் அனுப்பிய நூலை முழுவதும் படித்தேன். சங்கு குளிப்பவர்களைப் பற்றிய நான்காம் இயல் என் குடும்பத்தின் கதையைப் போன்றே இருந்தது. இது தமிழில் வரவேண்டும் என்ற தங்கள் விருப்பம் எனக்கும் உண்டு. ஆயினும் ஊதியமின்றி இப்பணியைச் செய்ய எனக்கு இயலாது. இது அறுபது நாள் வேலை. இதற்கான என் ஊதியம் 72,000 ரூபாய். அத்தொகை இப்போது தங்களுக்குக் கடினமெனில் வேறு இரண்டு வழிகள் உள்ளன. நூலின் மூன்று இயல்களை மட்டும், 16,000 சொற்கள், சிறு நூலாக வெளியிடலாம். அதற்கு 24,000 ரூபாய். அல்லது முழு நூலுக்கு 36,000 ரூபாயும், விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் விலையில் பத்து விழுக்காடு ராயல்டியும் தரலாம். எதுவாயினும் மூன்றில் ஒரு பங்கு முன்பணமாக வேண்டும். இத்தொகைகள் ஆறு மாதங்களுக்கு மாறாமல் இருக்கும். எதுவும் இப்போது இயலாவிடினும், வசதி வரும்போது எழுதுங்கள்; மகிழ்வுடன் பேசுவேன்."

இதில் மறுப்பு ஒரே ஒரு வாக்கியம்தான் என்பதைக் கவனியுங்கள். அதற்குமுன் நூலைப் பற்றி எழுதியது வெறும் முகமன் அன்று. படித்தவர் மட்டுமே எழுதக்கூடிய செய்தி அது. மறுப்புக்குப்பின் வருவன அனைத்தும் அவர் செய்யக்கூடியவை. தொகையைக் குறைத்த இடங்களில் வேலையையோ நிபந்தனையையோ சேர்த்தே மாற்றியிருக்கிறேன். அறுபது நாள் வேலையை அப்படியே வைத்துக்கொண்டு 72,000-ஐ 40,000 என்று குறைத்திருந்தால், முதலில் சொன்னது பொய்க்கணக்கு என்று அவர் எண்ணியிருப்பார்.

ராயல்டி வழியில் எனக்கு இடர் உண்டு. நூலின் விலை 300 ரூபாய் என்றால் பிரதிக்கு 30 ரூபாய் வரும். 500 பிரதிகள் முழுதும் விற்றாலும் 15,000 ரூபாய்தான். என் முழு ஊதியத்தை எட்ட 1,200 பிரதிகள் விற்க வேண்டும். முன்தொகை இல்லாமல் ராயல்டி மட்டும் தருகிறேன் என்பவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். அவர் நட்டத்தில் நானும் பங்கேற்கலாம். நட்டம் முழுவதையும் நானே ஏற்கலாகாது.

ஒன்பது நாள்கள் பதில் இல்லை. அந்த நாள்களில், மாதிரிக்காக ஓர் இயலையேனும் மொழிபெயர்த்து அனுப்பலாமா என்ற ஆசை எழும். ஒரு பக்கம் மாதிரி தருவது தொழில் வழக்கம். ஓர் இயல் தருவது வேலையையே தொடங்கிவிடுவது. நான் அனுப்பவில்லை.

பத்தாம் நாள் அவர் எழுதியது ஒரு கேள்வி: "ஐயா, எந்த மூன்று இயல்களைத் தேர்ந்தெடுக்கலாம்?" மறுப்புக்குப் பின் உறவு பிழைத்திருக்கிறதா என்பதை இத்தகைய கேள்வியே காட்டிவிடும். தொகையைப் பற்றியோ அளவைப் பற்றியோ காலத்தைப் பற்றியோ கேட்பவர் செய்ய விரும்புகிறார். மாறாக, பெயர் வரும், புகழ் வரும் என்று பழைய பேச்சையே திரும்ப எழுதுபவருக்கு, "என் நிலை முன்பு எழுதியபடியே உள்ளது, வசதி வரும்போது எழுதுங்கள்" என்று ஒரு வரி போதும். மூன்றாவது கடிதம் தேவையில்லை.

முன்பணமாக 8,000 ரூபாய் வந்தது; ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டோம். மூன்று இயல்களும் சிறு நூலாக வெளிவந்தன. கொண்டல் கொண்டலாகவே அச்சேறியிருக்கிறது. எஞ்சிய இயல்களைப் பற்றிச் சென்னைப் புத்தகக் கண்காட்சி முடிந்ததும் பேசுவோம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அது நடக்கலாம், நடவாமலும் போகலாம். பணம் திரளாவிட்டால் முழு நூல் என் கையால் வராது என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன். ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் முகம் கொடுத்துப் பேசும் நிலையில் இருக்கிறோம். இலவசமாகச் செய்திருந்தால், நாற்பதாவது நாளில் யாருக்குத் தெரியாமல் எந்தப் பக்கத்தை அவசரமாக முடித்திருப்பேனோ, அந்தப் பக்கம் என் பாட்டனாரைப் பற்றியதாகவும் இருந்திருக்கலாம்.