மூன்று குறைகள்

தில்லிக்கு வந்து எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். சென்ற மாதம் ஓர் இரவு, ஆய்வுக்கூடத்தில் எனக்கு நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை உங்களிடம் சொல்ல வேண்டும். அன்று நான் தப்பியது மயிரிழையில்தான்.

என் வேலை நிறமாலைகளை அளப்பது. கணினிக்கு ஒரு நிறமாலை என்பது ஆயிரம் எண்கள் கொண்ட ஒரு வரிசை. அதில் முதல் நூறு எண்கள் வெறும் பின்னணி. அந்த நூற்றின் சராசரியை முகட்டிலிருந்து கழித்தால் முகட்டின் உண்மையான உயரம் கிடைக்கும். நூற்றின் திட்டவிலக்கம் இரைச்சலின் அளவைச் சொல்லும்.

அன்று மாலை நிரலில் ஒரு சிறு மாற்றம் செய்தேன். பின்னணியைத் தனியே வரைந்து பார்க்கும்போது அது பூஜ்யத்தைச் சுற்றி நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

```python
base = y[:100]
base -= base.mean()
noise = base.std()
```

நிரல் ஓடியது. புதிய மாதிரியின் முகடு 52 என்று வந்தது. எதிர்பார்த்ததைவிட நல்ல உயரம்! மறுநாள் காலையில் பேராசிரியரிடம் காட்ட வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று, செய்த மாற்றத்தை மட்டும் ஒரு சாட்பாட்டிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னேன். அது மூன்று குறைகளைச் சொல்லிற்று. மூன்றையும் ஒரே உறுதியோடு சொல்லிற்று.

முதற்குறை: நம்பையின் `std()` தானாகவே n−1 ஆல் வகுக்கும், ஆகவே இரைச்சல் கூடுதலாக வரும் என்பது. இதைக் கையாலேயே சோதித்துவிடலாம். 1, 3 என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். n ஆல் வகுத்தால் விடை 1. N−1 ஆல் வகுத்தால் 1.414. `np.std([1, 3])` என்று ஓட்டினேன், 1 வந்தது. குறை பொய். n−1 ஆல் வகுப்பது பாண்டாஸின் வழக்கம். ஒன்றன் வழக்கத்தை மற்றொன்றின்மேல் ஏற்றிவிட்டது.

இரண்டாங்குறை: இரைச்சல் பூஜ்யமானால், கீழே நான் மாற்றியிருந்த இன்னொரு வரியில் பூஜ்யத்தால் வகுக்க நேரும் என்பது. ஆனால் இரைச்சல் பூஜ்யமானால் அந்த நிறமாலையையே விட்டுவிடும் வரி ஒன்று இடையில் பல நாளாக இருக்கிறது. அது ஏன் சாட்பாட்டின் கண்ணில் படவில்லை? `git diff` மாற்றத்தைச் சுற்றி மேலும் கீழும் மும்மூன்று வரிகளைத்தான் காட்டும். இருபது வரிகளுக்கு நடுவே இருந்த காவல் வரியை நான் கொடுக்கவே இல்லை. காணாத இடத்தில் ஒன்றும் இல்லை என்று அது முடிவு கட்டிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவதைப் படித்தேனோ இல்லையோ, மூடப்போனேன். அருகில் தஞ்சாவூர்க்கார அண்ணன் ஒருவர் தம் வேலையை முடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இது வாய்க்கு வந்ததைச் சொல்கிறது" என்றேன்.

"இரண்டு பொய் சொன்னால் மூன்றாவதும் பொய்யாகத்தான் இருக்க வேண்டுமா, தம்பி? நாலு எண் போட்டுப் பாரேன்" என்றார் அவர்.

மூன்றாங்குறை இதுதான்: `base` என்பது தனி வரிசை அன்று, `y`யின் முதல் நூறு எண்களுக்கு இட்ட இன்னொரு பெயரே, ஆகவே `-=` மூல அளவீட்டையே மாற்றிவிடும் என்பது. நாலு எண் போட்டேன்.

```python
y = np.array([12.0, 12.0, 12.0, 52.0])
b = y[:3]
b -= b.mean()
print(y)
```

`[ 0.  0.  0. 52.]` என்று வந்தது. எனக்கு உடல் வியர்த்தது. பின்னணி 12 அழிந்துபோயிருந்தது. அதற்குப் பின் வரும் வரி, முகட்டிலிருந்து முதல் நூறு எண்களின் சராசரியைக் கழிப்பது. சராசரிதான் பூஜ்யமாகிவிட்டதே! எதைக் கழிக்கும்? நான் மகிழ்ந்த 52இல் உண்மை 40 மட்டுமே. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. எண் மட்டும் தவறாக இருந்தது. `y[:100].copy()` என்று எழுதியதும் தீர்ந்தது.

அன்று முதல் எனக்கு ஒரு வழக்கம். மாற்றத்தை மட்டும் கொடுக்காமல் `git diff -U40` என்று சுற்று வரிகளையும் சேர்த்துக் கொடுக்கிறேன். சொல்லும் ஒவ்வொரு குறைக்கும், அது மெய்யானால் ஒரு விடையும் பொய்யானால் வேறு விடையும் தரக்கூடிய மிகச் சிறு சோதனையைத் தேடுகிறேன். அப்படிச் சோதிக்க முடியாதபடி பொதுவாகச் சொல்லப்பட்ட குறை எதையும் நம்பி நிரலில் கை வைப்பதில்லை. அது ஒன்றும் சொல்லாத இடங்களைச் சரியானவை என்றும் கொள்வதில்லை. ஆகவே உயரம் 40 என்று முன்கூட்டியே தெரிந்த செயற்கை நிறமாலை ஒன்றைச் செய்து, மாற்றம் செய்யும்போதெல்லாம் அதை ஓட்டிப் பார்க்கிறேன்.

மறுநாள் பேராசிரியர் முன் 40 என்ற எண்ணைத்தான் வைத்தேன். "சற்றுக் குறைவுதான்" என்றார். "ஆம், ஐயா" என்றேன்.